க்ளெய்ம் விழுந்த வீடியோவின் வருமானம் எங்கே போகிறது? ஸ்டுடியோவில் நமக்கு எதுவும் காட்டவில்லையே

வீணைவழி (திங்கள், இரவு 9:10)

வணக்கம். வீணை வாசிப்பதற்காக மட்டும் ஒரு யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன், மானிட்டைசேஷன் கிடைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியாகராஜர் கிருதி ஒன்றை வாசித்துப் போட்டேன். வழக்கமாக என் வீடியோவுக்கு வாரம் முழுக்கச் சேர்ந்தாலே ஐயாயிரம், ஆறாயிரம் பார்வை தான் வரும். இது யாரோ பெரிய குழுவில் பகிர்ந்ததால் மூன்றே நாளில் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சந்தோஷமாக வருமானப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்த வீடியோவுக்கு நேராகப் பூஜ்யம்.

வீடியோ பட்டியலில் Restrictions என்ற பத்தியில் Copyright என்று போட்டிருந்தது. உள்ளே போனால் ஒரு இசை லேபிளின் பெயர், அவர்கள் வெளியிட்ட அதே கிருதியின் ஒரு பதிவு, என் வீடியோவில் 2:14இலிருந்து 5:40 வரை அது இருப்பதாக நேரக் குறிப்பு. ஆனால் அதில் இருப்பது முழுக்க என் கை, என் வீணை, என் வீட்டு முன்னறையில் பதிவு செய்தது. வீடியோ தடைப்படவில்லை, எல்லா நாட்டிலும் ஓடுகிறது, விளம்பரமும் வருகிறது, என் அக்காவே விளம்பரத்தோடு பார்த்ததாகச் சொன்னாள்.

என் கேள்வி இரண்டு. அந்த விளம்பரப் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது? அது எவ்வளவு என்று நான் எங்கே பார்ப்பது? டிஸ்ப்யூட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த வாரம் கச்சேரி முடிந்ததும் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று இருக்கிறேன்.

மணல்வீடு (திங்கள், இரவு 9:26)

க்ளெய்ம் விழுந்தால் பணம் போனது போனதுதான் மேடம். நேராக லேபிளுக்குப் போய்விடும். டிஸ்ப்யூட் போட்டால் ஸ்ட்ரைக் விழும், மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். என் நண்பனுக்கு ஆனது. அந்த மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கணக்கர்_சேலம் (திங்கள், இரவு 9:58)

வீணைவழி, தயவுசெய்து கச்சேரி முடியும் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்குள், முடிந்தால் இன்றிரவே போடுங்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். (நான் சில சேனல்களுக்குக் கணக்கும் காப்பிரைட் வேலையும் பார்க்கிறேன், இது எனக்குத் தினசரி விஷயம்.)

கண்டென்ட் ஐடி என்பது நாம் ஏற்றும் வீடியோவை உரிமைதாரர்கள் கொடுத்து வைத்த பதிவுகளோடு தானாக ஒப்பிடும் யூடியூப் இயந்திரம். அது ஒரு பொருத்தத்தைக் கண்டுபிடித்தால், உரிமைதாரர் முன்கூட்டியே சொல்லி வைத்த விருப்பப்படி மூன்றில் ஒன்று நடக்கும். வீடியோவைத் தடுப்பது, பார்வைகளை மட்டும் கண்காணிப்பது, வருமானத்தை எடுத்துக்கொள்வது. உங்களுக்கு நடந்தது மூன்றாவது. இது ஸ்ட்ரைக் அல்ல, சேனலுக்குக் கெட்ட பெயரும் இல்லை. அந்த ஒரு வீடியோவின் பணம் போகும் வழியை மட்டும் திருப்பி விடுகிறார்கள்.

ஆனால் திருப்பிய உடனே பணம் லேபிளின் கைக்குப் போய்விடுவதில்லை. க்ளெய்ம் விழுந்த நாளிலிருந்து ஐந்து நாள் கணக்கு ஓடுகிறது. அந்த ஐந்து நாளுக்குள் நீங்கள் டிஸ்ப்யூட் போட்டால், க்ளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்து வந்த வருமானம் முழுவதையும் யூடியூப் தனியாக நிறுத்தி வைக்கும், வழக்கு முடிந்ததும் ஜெயித்தவருக்குக் கொடுக்கும். ஐந்து நாள் தாண்டிப் போட்டால், போட்ட தேதியிலிருந்து வருவதைத்தான் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு முன் வந்தது லேபிளுக்குப் போய்விடும், பிறகு நீங்கள் ஜெயித்தாலும் அது திரும்பாது.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். க்ளெய்ம் வெள்ளி 5ஆம் தேதி. உங்கள் சேனலில் ஆயிரம் பார்வைக்கு ஐம்பது ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை எண் உங்களுக்குத்தான் தெரியும். முதல் ஐந்து நாளில் அறுபதாயிரம் பார்வை வந்தால் மூவாயிரம் ரூபாய். அதற்கடுத்த நான்கு நாளில் வேகம் குறைந்து பன்னிரண்டாயிரம் பார்வை, அறுநூறு ரூபாய். அதற்கப்புறம் நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு பார்வை, எழுபத்தைந்து ரூபாய். இன்று 8ஆம் தேதி போட்டால் இந்த மூவாயிரமும் அறுநூறும் பிறகு வரும் எழுபத்தைந்துகளும் எல்லாம் பத்திரமாக நிற்கும். கச்சேரி முடிந்து 14ஆம் தேதி போட்டால் 3,600 ரூபாய் லேபிளுக்குப் போயிருக்கும், நீங்கள் சண்டை போடுவது தினசரி எழுபத்தைந்துக்காக. இப்படித் திடீரென்று பரவும் வீடியோ சம்பாதிப்பதில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே வந்துவிடலாம் என்பதால் தாமதம் இவ்வளவு வலிக்கிறது.

மணல்வீடு சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

கணக்கர்_சேலம் (திங்கள், இரவு 10:17)

ஸ்ட்ரைக் விஷயம். டிஸ்ப்யூட் போட்டதாலேயே ஸ்ட்ரைக் விழாது. டிஸ்ப்யூட் நேராக லேபிளிடம் போகும், அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். க்ளெய்மை விட்டுவிடலாம், இல்லை சரிதான் என்று நிலைநிறுத்தலாம், இல்லை வீடியோவையே நீக்கச் சொல்லி சட்டப்படியான கோரிக்கை அனுப்பலாம். முப்பது நாளும் பேசாமல் இருந்தால் க்ளெய்ம் தானாகக் காலாவதியாகும், பணம் உங்களுக்கு. அந்த மூன்றாவது வழியை, அதாவது நீக்கல் கோரிக்கையை, அவர்கள் எடுத்து அது செல்லுபடியானால்தான் ஸ்ட்ரைக். அடுத்தவர் பாட்டை அப்படியே போட்டுவிட்டு டிஸ்ப்யூட் போடுகிறவர்கள் பயப்பட வேண்டிய இடம் அது. மணல்வீடு, உங்கள் நண்பர் விஷயத்தில் வீடியோவில் இருந்தது அவருடைய சொந்தப் பதிவா, சினிமா பாட்டா?

மணல்வீடு (திங்கள், இரவு 10:31)

சினிமா பாட்டுதான். கல்யாண வீடியோ, பின்னணியில் முழுப் பாட்டும் ஓடும். சரி, அது வேறு கதை என்று புரிகிறது. ஆனாலும் வெட்டிவிட்டால் க்ளெய்ம் போய்விடுமே, அதுதானே சுலபம்?

ரமா_ஸ்வரம் (திங்கள், இரவு 10:44)

வெட்டினால் க்ளெய்ம் போகும், அதற்குப் பிறகு வரும் வருமானம் நமக்கு வரும். ஆனால் அதுவரை வந்தது? அதைக் கேட்க நம்மிடம் ஒன்றும் இருக்காதே. மேலும் இவர் வாசித்தது ஒரு கிருதி. 2:14இலிருந்து 5:40 என்றால் அனுபல்லவியும் சரணமும் அதில்தான் இருக்கும். தன் சொந்த வாசிப்பை ஏன் வெட்ட வேண்டும்? எனக்குக் கோபமாக வருகிறது. இருநூறு வருடமாக எல்லோரும் பாடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு ஒரு கம்பெனி எப்படி உரிமை கேட்கும்?

கணக்கர்_சேலம் (திங்கள், இரவு 11:02)

ரமா அம்மா, கிருதிக்கு அவர்கள் உரிமை கேட்டிருப்பதாக வீணைவழி சொல்லவில்லை. அவர்கள் வெளியிட்ட ஒலிப்பதிவு இதில் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. தியாகராஜர் 1847இல் மறைந்தார், இந்தியச் சட்டப்படி இயற்றியவர் மறைந்து அறுபது வருடம் தாண்டினால் இயற்றலுக்கு உரிமை முடிந்தது. ஆனால் ஒரு வித்வான் பத்து வருடம் முன்பு ஸ்டுடியோவில் வாசித்த பதிவுக்கு லேபிளுக்கு உரிமை உண்டு, அது நியாயமும்கூட. இங்கே தப்பு என்னவென்றால், அந்தப் பதிவு இந்த வீடியோவில் இல்லவே இல்லை. ஒரே ராகம், ஒரே சங்கதிகள், ஒரே வாத்தியம், கிட்டத்தட்ட ஒரே காலப்பிரமாணம் என்றால் இயந்திரம் ஏமாறுவது நான் நிறைய பார்க்கிறேன். வீணைவழி, சுருதிக்கு என்ன வைத்திருந்தீர்கள்?

வீணைவழி (திங்கள், இரவு 11:09)

போனில் ஒரு தம்புரா ஆப். நிறைய பேர் அதையேதான் வைக்கிறார்கள்.

கணக்கர்_சேலம் (திங்கள், இரவு 11:15)

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று என் சந்தேகம், நிரூபிக்க முடியாது. இரண்டு பதிவிலும் ஒரே தம்புரா ஒலி அடியில் ஓடினால் பொருத்தம் கூடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எவ்வளவு என்று எங்கே பார்ப்பது? எங்கும் பார்க்க முடியாது. பார்வைகள், பார்த்த நேரம், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். வருமானம் மட்டும் பூஜ்யம் என்று நிற்கும். லேபிளுக்கு எவ்வளவு போனது என்பது அவர்களுடைய கணக்கு, அது உங்கள் ஸ்டுடியோவில் எந்த மூலையிலும் வராது. டிஸ்ப்யூட் போட்ட பிறகும் நிறுத்தி வைத்த தொகை அனலிட்டிக்ஸில் தெரியாது. தெரிகிற ஒரே மாற்றம், மானிட்டைசேஷன் பத்தியில் சிவப்பாக இருந்த டாலர் குறி போய் Escrow என்று வரும். வருமானம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தொகையை நீங்களே உத்தேசமாகப் போட்டுப் பார்க்கலாம். இதே மாதத்தில் போட்ட, இதே நீளமுள்ள, க்ளெய்ம் இல்லாத இன்னொரு வீடியோவின் RPM, அதாவது ஆயிரம் பார்வைக்கு உங்களுக்கு வந்த தொகையை எடுங்கள். க்ளெய்ம் வீடியோவின் பார்வையை ஆயிரத்தால் வகுத்து அதால் பெருக்குங்கள். வெளிநாட்டுப் பார்வையாளர் விகிதம் இரண்டு வீடியோவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அமெரிக்காவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தால் தொகை மிகவும் மாறும்.

புதுச்சேனல் (செவ்வாய், காலை 7:20)

அண்ணா எனக்கும் இதே பிரச்சினை. என் சேனலில் 300 சப்ஸ்கிரைபர் இருக்கிறார்கள், நேற்று ஒரு வீடியோவுக்கு க்ளெய்ம் வந்தது, விளம்பரம் ஓடுகிறது. ஐந்து நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் என் பணத்தையும் நிறுத்தி வைப்பார்களா?

கணக்கர்_சேலம் (செவ்வாய், காலை 8:05)

தம்பி, நிறுத்தி வைப்பது இரண்டு பக்கமும் அந்த வீடியோவில் சம்பாதிக்கத் தகுதி இருந்தால்தான். நீங்கள் இன்னும் பார்ட்னர் ப்ரோகிராமில் இல்லை, ஆகவே க்ளெய்ம் இல்லாவிட்டாலும் அந்த வீடியோவில் உங்களுக்கு விளம்பரப் பங்கு கிடையாது. க்ளெய்ம் தவறு என்றால் டிஸ்ப்யூட் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் இப்போதைக்குப் பணத்துக்காக அல்ல.

தொகுப்பு77 (செவ்வாய், காலை 9:40)

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் ஷார்ட்ஸ் மட்டும் போடுகிறேன். அதில் பாட்டு சேர்த்தால் க்ளெய்ம் என்று ஒன்றுமே வருவதில்லை, ஆனால் வருமானம் பாதியாகக் குறைகிறது. இதற்கு யாரிடம் டிஸ்ப்யூட் போடுவது?

ரமா_ஸ்வரம் (செவ்வாய், காலை 10:02)

அது வேறு ஏற்பாடு தம்பி. ஷார்ட்ஸில் நூலகத்திலிருந்து ஒரு பாட்டைச் சேர்த்தால் அந்தப் பார்வைகளுக்கு உரிய பணத்தில் பாதி இசை உரிமத்துக்குப் போகும், இரண்டு பாட்டு சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. மீதிதான் படைப்பாளிகளின் பொதுத் தொகையில் சேரும். யாரும் உங்கள் மேல் உரிமை கோரவில்லை, டிஸ்ப்யூட் போட ஆளும் இல்லை.

என் கேள்வி ஒன்று கணக்கர் சார். நான் பழைய சினிமா பாடல்களை நானே பாடிப் போடுகிறேன். அதற்கு க்ளெய்ம் வந்தால் முழுப் பணமும் போவதில்லை, Sharing என்று பச்சையாகக் காட்டி எனக்கும் கொஞ்சம் வருகிறது. வீணைவழிக்கும் அப்படிக் கேட்கலாமே? சண்டை இல்லாமல் முடியும்.

கணக்கர்_சேலம் (செவ்வாய், காலை 11:30)

உங்களுடையது கவர் பாட்டு. இயற்றலின் உரிமைதாரர் ஒத்துக்கொண்ட பாடல்களுக்கு மட்டும் அந்தப் பகிர்வு வரும், அதுவும் ஒலிப்பதிவு உங்களுடையதாக இருந்தால். எல்லாப் பாட்டுக்கும் வராது. வீணைவழி விஷயத்தில் இயற்றலுக்கு உரிமைதாரரே இல்லை, பகிர்ந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? ஒலிப்பதிவு க்ளெய்மில் பகிர்வு பொத்தானும் வராது. சண்டை வேண்டாம் என்கிற மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் தன்னுடைய வாசிப்பில் பாதியைக் கொடுத்துச் சமாதானம் ஆவது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீணைவழி (செவ்வாய், பிற்பகல் 1:15)

டிஸ்ப்யூட் பக்கத்தைத் திறந்தேன். காரணம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எல்லாம் என் சொந்தம் என்று ஒன்று, உரிமம் வைத்திருக்கிறேன் என்று ஒன்று, ஃபேர் யூஸ், பொதுவுடைமை. சொந்தம் என்பதா, பொதுவுடைமை என்பதா? இரண்டுமே பொருந்துகிறது போலிருக்கிறது.

ரமா_ஸ்வரம் (செவ்வாய், பிற்பகல் 1:28)

பொதுவுடைமை. தியாகராஜர் கிருதி என்றால் அதுதானே முதல் காரணம்.

கணக்கர்_சேலம் (செவ்வாய், பிற்பகல் 2:00)

நான் சொந்தம் என்பதையே எடுப்பேன், ஏனென்றால் கோரப்பட்டது ஒலிப்பதிவு. பொதுவுடைமை என்று போட்டால் லேபிள்காரர் "கிருதி பொது, ஆனால் எங்கள் பதிவு பொது அல்ல" என்று ஒரே வரியில் நிராகரிக்க வழி இருக்கிறது. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போவதில்லை, பொதுவுடைமை போட்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் விளக்கம் எழுதும் பெட்டிதான் முக்கியம், அதை எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவும் வேண்டாம். இப்படி:

"இந்த வீடியோவில் உள்ள ஒலி முழுவதும் நானே வீணையில் வாசித்து என் வீட்டில் பதிவு செய்தது. வாசிப்பதும் வீடியோவிலேயே தெரிகிறது, 3:05இல் என் விரல்கள் நெருக்கமாகக் காட்டப்படுகின்றன. நீங்கள் குறிப்பிடும் பதிவின் எந்தப் பகுதியும் இதில் இல்லை. இயற்றியவர் 1847இல் மறைந்த தியாகராஜர்."

இதை ஆங்கிலத்தில் போடுங்கள், யார் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. 3:05 என்பது நான் சும்மா போட்டது, உங்கள் வீடியோவில் கை தெளிவாகத் தெரிகிற, அதே சமயம் க்ளெய்ம் நேரத்துக்குள் வருகிற ஒரு இடத்தைக் குறிப்பிடுங்கள். கையும் ஒலியும் ஒன்றாகப் போவது கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, அந்தப் பக்கத்தில் ஒரே க்ளெய்ம்தானா என்று கீழே வரை போய்ப் பாருங்கள். சில வீடியோவில் இரண்டு இருக்கும், ஒன்று ஒலிப்பதிவுக்கு, இன்னொன்று இயற்றலுக்கு. தனித்தனியாக டிஸ்ப்யூட் போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் முதலாவது விலகினாலும் வருமானம் இரண்டாமவருக்குத்தான் போகும், நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வீணைவழி (செவ்வாய், மாலை 4:40)

ஒரே க்ளெய்ம்தான். சொந்தம் என்று போட்டு, 4:02இல் கமகம் பிடிக்கும் இடத்தைக் குறிப்பிட்டு அனுப்பிவிட்டேன். இப்போது Escrow என்று மாறியிருக்கிறது. ரொம்ப நன்றி.

ஜெயித்தால் பணம் எப்படி வரும்? தனியாகக் காட்டுவார்களா?

கணக்கர்_சேலம் (செவ்வாய், மாலை 6:12)

தனி வரியாக வராது. வழக்கு முடிந்த பிறகு உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து ஆட்சென்ஸுக்குப் போகும். ஒரு மாதத்தின் இறுதிக் கணக்கு அடுத்த மாதம் 7இலிருந்து 12க்குள் அங்கே ஏறும், குறைந்தபட்சத் தொகை சேர்ந்திருந்தால் 21க்குப் பிறகு வங்கிக்கு வரும். ஆட்சென்ஸில் வீடியோ வாரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால்தான் நேற்று அந்த உத்தேசக் கணக்கைப் போட்டு வைக்கச் சொன்னேன். ஸ்டுடியோவில் காட்டுவது மதிப்பீடுதான், க்ளெய்ம், டிஸ்ப்யூட், போலிப் பார்வை எல்லாவற்றுக்கும் பிறகு திருத்துவார்கள்.

மணல்வீடு (செவ்வாய், மாலை 6:50)

ஒரு சந்தேகம். க்ளெய்ம் வீடியோ போட்ட அன்றே வராமல் ஆறு மாதம் கழித்து வந்தால், அந்த ஆறு மாதம் நமக்கு வந்ததைத் திரும்பப் பிடிப்பார்களா?

கணக்கர்_சேலம் (செவ்வாய், இரவு 8:20)

நான் பார்த்த வரையில் க்ளெய்ம் நாளிலிருந்துதான் திசை மாறுகிறது, கைக்கு வந்த பழைய பணத்தைப் பிடித்ததில்லை.

தொகுப்பு77 (செவ்வாய், இரவு 8:41)

எனக்கு நீள வீடியோ ஒன்று இருந்தது சார். மாத நடுவில் க்ளெய்ம் வந்தது, அந்த மாதத்தின் முதல் பாதிக்குக் காட்டிய மதிப்பீடும் பிறகு குறைந்திருந்தது. க்ளெய்மால்தானா, வேறு திருத்தமா என்று கடைசி வரை புரியவில்லை.

கணக்கர்_சேலம் (செவ்வாய், இரவு 9:05)

வேறு திருத்தமாகவும் இருக்கலாம், அந்த மாதத்தில் எல்லா வீடியோவுக்கும் குறைந்ததா, இதற்கு மட்டுமா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். பழைய எண்ணை எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா?

தொகுப்பு77 (செவ்வாய், இரவு 9:11)

இல்லை சார்.

வீணைவழி (புதன், காலை 6:30)

கடைசியாக ஒன்று. லேபிள் "எங்களுடையதுதான்" என்று நிராகரித்துவிட்டால் என்ன செய்வது?

கணக்கர்_சேலம் (புதன், காலை 9:00)

அப்போது மறுபடியும் ஐந்து நாள் கணக்கு ஆரம்பிக்கும். அந்த ஐந்து நாளுக்குள் அப்பீல் போட்டால் பணம் தொடர்ந்து நிற்கும், போடாவிட்டால் இதுவரை நிறுத்தி வைத்ததெல்லாம் லேபிளுக்கு விடுவிக்கப்படும். அப்பீலுக்கு அவர்களுக்கு முப்பது நாள் கிடையாது, ஏழு நாள்தான். அந்த நிலையில் அவர்கள் விடாப்பிடியாக இருந்தால் நீக்கல் கோரிக்கை அனுப்புவதுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி. மணல்வீடு பயந்தாரே, அந்த ஸ்ட்ரைக் இங்கே உண்மையாகவே வரலாம், வந்தால் எதிர்-அறிவிப்பு என்று சட்ட வழி தனியாக இருக்கிறது. உங்கள் வாசிப்பு உங்களுடையது என்பதில் சந்தேகமே இல்லாததால் நான் அப்பீல் வரை போவேன். எடிட் செய்யாத மூல ஒலிக் கோப்பை இப்போதே தேதியோடு பத்திரப்படுத்துங்கள். முடிவு மின்னஞ்சலில் வரும், கச்சேரி வேலையில் தவறவிடாதீர்கள்.

அடுத்த கிருதியைப் போடும்போது நேராகப் பொதுவில் விடாமல் பிரைவேட்டாக ஏற்றி, Checks என்ற கட்டத்தில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே க்ளெய்ம் தெரிந்தால் அங்கேயே டிஸ்ப்யூட் போடலாம், பார்வை வருவதற்கு முன்பே. லேபிள் பதில் சொல்ல நாளாகும் என்பதால் விழாவுக்குப் போட வேண்டியதைக் கொஞ்சம் முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டியிருக்கும்.

ரமா_ஸ்வரம் (புதன், காலை 9:22)

வீணைவழி, எந்த லேபிள் என்று இங்கே போட வேண்டாம், ஆனால் முடிவு என்ன ஆனது என்று வந்து எழுதுங்கள். மார்கழிக்கு நானும் இரண்டு கீர்த்தனை பதிவு செய்யப் போகிறேன், தம்புரா ஆப்பை மாற்றுவதா வேண்டாமா என்று உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.